யானை எங்கே என்று பெட்டியே சொல்லிவிடுகிறது

மேல்பக்கம் திறந்த ஒரு அட்டைப்பெட்டியையும் ஒரு சின்ன பொம்மையையும் ஆறு வயதுப் பிள்ளை முன்னால் வைத்து, "புட் தி டால் இன் தி பாக்ஸ்" என்று சொல்லுங்கள். டபக்கென்று உள்ளே போட்டுவிடும். நமக்கும் சந்தோஷம், 'இன்' வந்துவிட்டது என்று நோட்டில் டிக் அடித்துவிடுவோம். இப்போது பொம்மையை வெளியே எடுத்துக் கொடுத்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "புட் தி டால் பிளிக் தி பாக்ஸ்" என்று இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் உள்ளேதான் போடுவார்கள். சொன்னது நாம் இல்லை, பெட்டி. வாயைத் திறந்துகொண்டு இருக்கும் பெட்டியைப் பார்த்தால் எதையாவது உள்ளே போடத்தான் தோன்றும்.

கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் முதல் வகுப்புக்கு ஆங்கிலமும் சேர்த்து எடுக்கிறேன். இடத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பொம்மையையும் பெட்டியையும் வைத்து, ஓடியாடி விளையாடிக் கற்றுக்கொடுப்பது ஒன்றும் புதிது இல்லை. பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள், யூடியூபில் கிடக்கிறது, பாடப்புத்தகத்துப் படத்திலும் பூனையும் பெட்டியும் உண்டு. ஆனால் அந்த விளையாட்டில் பிள்ளை வார்த்தையைக் கேட்டுச் செய்கிறதா, பெட்டியைப் பார்த்துச் செய்கிறதா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறதா என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

இதை முதலில் அழகாகப் பிடித்தவர்களில் ஒருவர் ஈவ் கிளார்க் என்கிற மொழியியலாளர். 1973-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து இன், ஆன், அண்டர் மூன்றையும் வைத்துக் கட்டளை சொல்லிப் பார்த்தார். மிகச் சின்னக் குழந்தைகள் என்ன சொன்னாலும் சரி, உள்ளே இடமுள்ள பொருள் என்றால் உள்ளே வைத்தார்கள், தட்டையான பரப்பு என்றால் மேலே வைத்தார்கள். அதனால் 'இன்' எப்போதும் தெரிந்த மாதிரி இருந்தது, 'ஆன்' பாதி நேரம் தெரிந்த மாதிரி இருந்தது, பாவம் 'அண்டர்' மட்டும் தெரியாமல் போனது. உண்மையில் மூன்றுமே இன்னும் சரியாகத் தெரியாது.

நம் பிள்ளைகளுக்கு ஆறு வயது, தமிழில் உள்ளே, மேலே, அடியில், பின்னாடி எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அப்படியிருக்க ஒன்றரை வயதுக் குழந்தை செய்வதை ஏன் செய்கிறார்கள் என்றால், அந்த ஆங்கில வார்த்தை அவர்கள் காதில் வெறும் சத்தமாக விழுகிறது. "எலிஃபண்ட்" தெரியும், "பாக்ஸ்" தெரியும், நடுவில் இருக்கும் குட்டி வார்த்தை சரியாகக் கேட்கக்கூட இல்லை. தெரிந்த இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியிடம் கேட்டுக்கொள்கிறார்கள். புத்திசாலித்தனம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டி பதில் சொல்லாதபடி பார்த்துக்கொள்வது நம் வேலை.

அதனால் பெட்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஷூ டப்பா ஒன்று, மூடியோடு. மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள். நீளவாக்குப் பக்கத்தில் ஒன்றில் மட்டும் கதவு மாதிரி ஒரு ஓட்டை வெட்டுங்கள், பொம்மை தாராளமாக நுழைகிற அளவு. மேல்பக்கம் மூடியிருப்பதால் பொம்மை அங்கே நிற்கும், கதவு இருப்பதால் உள்ளேயும் போகும், இரண்டுக்கும் ஒரே அளவு சிரமம்தான். அடுத்து, இதை இரண்டு செங்கல் மேல் வைக்கிறோம். படுக்கவைத்த செங்கல் ஏறக்குறைய மூன்று அங்குல உயரம் இருக்கும், அதனால் பொம்மை இரண்டரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. என்னிடம் இருப்பது ரப்பர் யானை, கச்சிதமாக அடியில் போய்விடும். செங்கல் இல்லையென்றால் தடிமனான நோட்டுக் கட்டுகள் போதும். இந்த இடைவெளி ரொம்ப முக்கியம். நிறையப் பேர் 'அண்டர்' சொல்லிக்கொடுக்கப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொம்மையை மூடுகிறார்கள், அப்போது அது அடியில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? இரண்டும்தான். இரண்டும் சரியாக இருக்கிற இடத்தில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

கதவு வெட்டியதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பெட்டிக்கு ஒரு வாசல் வந்துவிடுகிறது, வாசல் வந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் வந்துவிடும். சும்மா நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பெட்டிக்குப் பின்பக்கம் எது? பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் பெட்டியை வைத்துவிட்டு "பிஹைண்ட்" என்று சொன்னால் ஆளுக்கு ஒரு பின்பக்கம் இருக்கும், எல்லோரும் சரியாகவும் இருப்பார்கள், எல்லோரும் சண்டையும் போடுவார்கள். வாசல் உள்ள பெட்டியை வகுப்பைப் பார்த்து வைத்து, பிள்ளைகள் எல்லோரையும் வாசலுக்கு எதிரே ஒரே பக்கமாக உட்காரவைத்தால், பெட்டியின் பின்பக்கமும் பிள்ளைகள் பார்வையில் பின்பக்கமும் ஒரே இடமாகிவிடும். யானை வீடு, முன்னால் வாசல், பின்னால் கொல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதல் வாரத்தில் இன், ஆன், அண்டர் மூன்றுதான். பிள்ளைகள் வாயைத் திறந்து பேச வேண்டிய கட்டாயமே இல்லை, கேட்பார்கள், செய்வார்கள், அவ்வளவுதான். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த முறை இது, கட்டளை கேட்டு உடம்பை அசைத்து மொழி கற்பது. நான் செய்வது இப்படி. முதலில் நானே "புட் தி எலிஃபண்ட் ஆன் தி பாக்ஸ்" என்று சொல்லி நானே வைப்பேன். அப்புறம் ஒரு பிள்ளையைக் கூட்டி இருவருமாக. அப்புறம் நான் சொல்ல, அந்தப் பிள்ளை தனியாக. புது வார்த்தையை முதல் நாளில் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், இல்லையென்றால் 'ஆன் தி' என்பது 'பாக்ஸ்' கூட ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். 'இன்' கட்டளைக்கும் 'ஆன்' கட்டளைக்கும் காதில் வித்தியாசம் ஒரே ஒரு உயிரொலிதான். அழுத்தத்தை இரண்டு மூன்று நாளில் குறைத்துவிட வேண்டும், கடைசி வரை அப்படியே கத்திக்கொண்டிருந்தால் வெளியே யாராவது சாதாரணமாகச் சொல்லும்போது பிடிபடாது.

இங்கே நாம் எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு: ஆங்கிலத்தில் சொன்ன மூச்சிலேயே தமிழிலும் சொல்லிவிடுவது. "புட் தி எலிஃபண்ட் ஆன் தி பாக்ஸ், யானையைப் பெட்டி மேல வைப்பா." பிள்ளை இரண்டாவது பாதிக்காகக் காத்திருக்கும், முதல் பாதியில் காதை மூடிக்கொள்ளும். விளையாட்டின் விதிகளைத் தமிழில் விளக்குங்கள், அதட்டலையும் பாராட்டையும் தமிழிலேயே செய்யுங்கள், அந்த ஒரு கட்டளையை மட்டும் ஆங்கிலத்தோடு விட்டுவிடுங்கள். புரியவில்லை என்றால் செய்து காட்டலாம், பொம்மை கையில்தானே இருக்கிறது.

இன்னொரு உளவாளி நம் கண். "ஆன்" என்று சொல்லும்போதே நம் பார்வை பெட்டியின் மேல்பக்கம் போய்விடும், முகவாய் லேசாகத் தூக்கும். ஆறு வயதுப் பிள்ளைகள் இதைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். கட்டளை சொல்லும்போது நான் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பேன், அல்லது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வரிசையும் ஒரு துப்புதான். கைமுட்டியையும் உள்ளங்கையையும் வைத்து இன், ஆன், அண்டர் என்று ராகமாகப் பாடவைக்கும் வழக்கம் இருக்கிறது, எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. பாட்டு அருமையாக வரும், கை அருமையாக ஆடும், நடுவில் நிறுத்தி "அண்டர்" மட்டும் கேட்டால் முதலில் இருந்து பாடிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிற்பார்கள். பாட்டு தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை. அதனால் ஒரே வார்த்தையை அடுத்தடுத்து இரண்டு முறைகூடச் சொல்வேன். ஆன், இன், இன், அண்டர், ஆன், அண்டர், அண்டர். "மறுபடியும் அதேவா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை சந்தேகத்தோடு பார்த்தால் அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, மொத்த வகுப்பும் ஒரு யானைக்காகக் காத்திருந்தால் அரைமணி நேரத்தில் பின்வரிசையில் கிள்ளுச்சண்டை ஆரம்பித்துவிடும். எல்லோர் கையிலும் பொருள் வேண்டும். பென்சில் டப்பாவும் ரப்பரும் எல்லாப் பையிலும் இருக்கின்றன, அதுவே போதும். புளியங்கொட்டை, பட்டாணி போன்ற சின்ன விதைகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இந்த வயதில் அது மூக்குக்குள் போய்விடும், அப்புறம் ஆங்கிலத்தை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். டப்பாவை மூடித்தான் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் 'இன்' சொன்னால் திறந்து உள்ளே வைக்கும் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கும். அடியில் வைக்க இடைவெளி இல்லையே என்றால், ஒரு கையால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரப்பரை அடியில் தள்ளுவார்கள், டப்பா லேசாகச் சாய்ந்து நிற்கும், பரவாயில்லை.

இப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யும்போது, சத்தியமாக, பாதிப் பேர் பக்கத்தில் பார்த்துத்தான் செய்வார்கள். யார் என்று கண்டுபிடிப்பது சுலபம், கட்டளை முடிந்ததும் கையைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். கேட்டவர்களின் கண் தன் டப்பாவுக்குப் போகும், கேட்காதவர்களின் கண் ஒரு நொடி பக்கத்து டப்பாவுக்குப் போய்வரும். இவர்களைத் திட்டுவதில் பயன் இல்லை, பார்த்துச் செய்வதும் கற்றலில் ஒரு கட்டம்தான், அவர்களைத் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தவறு செய்தவர் அவுட் என்கிற விதியை மட்டும் நான் ஒருபோதும் வைப்பதில்லை. அந்த விதியில் முதலில் வெளியேறி ஓரமாக உட்காருவது யார்? இன்னும் பத்து முறை செய்து பார்க்க வேண்டிய அதே பிள்ளைதான்.

'அண்டர்' விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு பெண்குழந்தை, நல்ல சூட்டிகை, 'இன்', 'ஆன்' இரண்டையும் எப்படி மாற்றிக் கேட்டாலும் சரியாக வைப்பாள். "புட் தி எலிஃபண்ட் அண்டர் தி பாக்ஸ்" என்றால் யானையைப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைப்பாள். யோசித்து, பொறுமையாக, ஒவ்வொரு முறையும் தரையில். தெரியாமல் குத்துமதிப்பாக வைப்பவள் இடத்தை மாற்றி மாற்றி வைப்பாள், இவள் ஒரே இடத்தில் வைக்கிறாள், அப்படியென்றால் அவளுக்குள் தெளிவாக ஒரு அர்த்தம் இருக்கிறது. பாக்ஸ் மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது, அண்டர் என்றால் கீழே என்று வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாம் 'கீழே' என்பதை எத்தனை விதமாகச் சொல்கிறோம், பாருங்கள். புத்தகம் கீழே விழுந்தது என்றால் தரையில், கீழே உட்காரு என்றால் தரையில், கீழ்வீடு என்றால் கீழ்த்தளம். கட்டிலுக்குக் கீழே என்னும்போது மட்டும்தான் அண்டர். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இதற்கு வார்த்தையால் விளக்கம் சொல்லி மாளாது. நான் செய்தது, இரண்டு இடத்தையும் மோதவிட்டது. யானையைப் பெட்டிக்கு அடியில் வைத்து, பூனை பொம்மையைப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, "மழை வருது!" என்று கையில் தண்ணீரைத் தொட்டுத் தெளித்தேன். ஒன்று நனைகிறது, இன்னொன்று நனையவில்லை. "தி எலிஃபண்ட் இஸ் அண்டர் தி பாக்ஸ்", யானை நனையாது. "தி கேட் இஸ் ஆன் தி ஃப்ளோர்", பூனை தொப்பல். தரைக்கு 'ஆன் தி ஃப்ளோர்' என்று அதற்கே உரிய பெயர் கிடைத்ததும் 'அண்டர்' அந்த வேலையில் இருந்து விடுபட்டுவிடுகிறது. அப்புறம் மழை விளையாட்டே ஒரு விளையாட்டாகிவிட்டது: நான் "ரெய்ன்!" என்றால் பிள்ளைகள் மேசைக்கடியில் போக வேண்டும், "நோ ரெய்ன்!" என்றால் "சிட் ஆன் தி ஃப்ளோர்". அந்தப் பெண்ணை மறுநாள் மழை இல்லாமல், வேறு பொருளை வைத்து, ஸ்டூலும் தண்ணீர் பாட்டிலுமாக, கேட்டேன். பாட்டிலைத் தரையில் வைக்கக் கை நீட்டினாள், நின்றாள், ஸ்டூலுக்கு அடியில் தள்ளினாள். அந்த நிற்கும் இடம்தான் எனக்கு வேண்டியது. சரியான விடையைவிடத் தயங்கித் திருத்திக்கொள்வது நிறையச் சொல்லும்.

'பிஹைண்ட்' வேறு வகை. அதைப் பெட்டியில் ஆரம்பிக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். தங்கள் முதுகில் ஆரம்பிக்க வேண்டும், அப்புறம் முகமுள்ள பொம்மை, கடைசியில்தான் பெட்டி. தாய்மொழியில்கூடக் குழந்தைகள் முன்பக்கம் பின்பக்கம் தெளிவாக உள்ள பொருளைத்தான் முதலில் பிடிக்கிறார்கள், பக்கமில்லாத பொருளுக்கு அப்புறம்தான் வருகிறார்கள். நமக்கு இதற்கென்றே ஒரு விளையாட்டு தயாராக இருக்கிறது: குலை குலையா முந்திரிக்கா. வட்டமாக உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் துணியோடு சுற்றி வந்து யாருக்காவது பின்னால் போட்டுவிட்டு ஓட வேண்டும். துணிக்குப் பதில் யானை. ஆட்டத்தை அப்படியே ஆடவிட்டு, ஓட்டம் முடிந்ததும் ஒரு நொடி நிறுத்தி, "தி எலிஃபண்ட் இஸ் பிஹைண்ட்" என்று அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்வேன். அவ்வளவுதான், ஆட்டம் தொடரும். சில சுற்றுக்குப் பிறகு யானையை யாருக்குப் பின்னால் போடுவது என்பது ஓடுகிறவர் விருப்பம் இல்லை, நான் சொல்லும் பெயரைக் கேட்டு அந்தப் பிள்ளைக்குப் பின்னால் போய் வைக்க வேண்டும். இங்கே யாருக்கும் சண்டை வராது, முதுகு எந்தப் பக்கம் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

பெட்டிக்கு வரும்போது இன்னொன்று தெரியும். யானை வாசல் வீட்டுக்குப் பின்னால் போனதும் கண்ணில் இருந்து மறைந்துவிடுகிறது, அதனால் சில பிள்ளைகள் 'பிஹைண்ட்' என்றால் ஒளித்துவைப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் யானையைச் சில நேரம் பெட்டிக்குள்ளும் போடுவார்கள், அங்கேயும் மறைந்துதானே இருக்கிறது! பெட்டியைவிட உயரமான ஒரு பொம்மையைக் கொடுத்துப் பாருங்கள், தலை வெளியே தெரிகிற மாதிரி. ஒளித்துவைப்பது என்று நினைத்திருந்த பிள்ளை, பின்னால் வைத்துவிட்டுத் தலை தெரிகிறதே என்று படுக்கவைக்கப் பார்க்கும். அப்போது நாம் எடுத்து நிமிர்த்தி, "யெஸ், பிஹைண்ட்" என்று சொன்னால் போதும்.

எல்லாம் முடிந்து, யாருக்கு எது தெரியும் என்று பார்க்கத் தனித்தனியாகக் கூப்பிடுவது ஆளுக்கு இரண்டு நிமிட வேலைதான். அந்தச் செங்கல் மேல் வீடு, யானை, நான்கு வார்த்தைகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, கலைத்துப்போட்ட வரிசையில். குருட்டாம்போக்கில் வைத்தாலும் நான்கில் ஒன்று சரியாகிவிடும், இரண்டு முறையும் சரியாக விழுவது பதினாறில் ஒன்றுதான். மதிப்பெண்ணைக் கூட்டி வைத்து ஒன்றும் தெரிந்துவிடாது, எங்கே வைத்தார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எட்டு முறையும் உள்ளேயே வைத்த பிள்ளைக்கு 'இன்' இரண்டுக்கு இரண்டு வந்திருக்கும், அது 'இன்' தெரிந்த பிள்ளை இல்லை.

பேச்சு இதற்கப்புறம்தான். பிள்ளை கட்டளை போட வேண்டும், நான் செய்ய வேண்டும், சொன்னதைச் சொன்னபடியே. "புட் தி பாக்ஸ் ஆன் தி எலிஃபண்ட்" என்று வாய்தவறிச் சொன்னால் பெட்டியைத் தூக்கி யானை தலையில் வைப்பேன். வகுப்பே சிரிக்கும், சொன்ன பிள்ளை "ஐயோ இல்ல டீச்சர்" என்று திரும்பச் சொல்லும், இதைவிட நல்ல திருத்தம் என்னால் செய்ய முடியாது. "எலிஃபண்ட் பாக்ஸ் அண்டர்" என்பார்கள் நிறையப் பேர், யானை பெட்டிக்கு அடியில் என்கிற நம் வரிசை அப்படியே வருகிறது. அதைத் தப்பு என்று சொல்லாமல், "ஓ, அண்டர் தி பாக்ஸ்?" என்று கேட்டுக்கொண்டே வைப்பேன். தலையாட்டுவார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் சிலர் அப்படியே சொல்வார்கள், இருக்கட்டும், புரிவது முதலில் வரும், வரிசை பின்னால் வரும்.

இந்தப் பெட்டியால் முடியாதவையும் உண்டு. இரண்டு பெட்டி வைத்தால் 'பிட்வீன்' வந்துவிடும், 'நெக்ஸ்ட் டு' வந்துவிடும். 'அபவ்' வேண்டுமென்றால் யானையை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும், தொட்டால் ஆன், தொடாமல் தொங்கினால் அபவ், தமிழில் இரண்டுமே மேலேதான் என்பதால் முதல் வகுப்பில் நான் அதைத் தொடுவதில்லை. 'அட்' மட்டும் எந்தப் பெட்டிக்கும் பொம்மைக்கும் அடங்காது. அட் ஸ்கூல், அட் ஹோம் என்று முழுசாகக் காதில் விழுந்து பழகட்டும், அதற்கு ஒரு விளையாட்டு கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் முதலில் அந்த யானையை அட் எங்கே வைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.